பூட்டை உடைச்சிருக்காங்க: பார்த்தவர் சொன்னதா, ஊகித்தவர் சொன்னதா?

பினாங்கில் நீதிமன்றம், காவல் நிலையம், மருத்துவமனை என்று ஏதாவது ஓரிடத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர நினைக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் அகராதியும் கையுமாகத்தான் தயாராகிறார்கள். ஜாமீனுக்கு மலாயில் என்ன, மேல்முறையீட்டுக்கு என்ன, வாக்குமூலத்துக்கு என்ன என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். செய்யட்டும், அது வேண்டியதுதான். ஆனால் வேலையில் சேர்ந்த முதல் வாரமே காலை வாருவது ‘இருக்கு’தான். வினையெச்சத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வரும் சின்னத் துணைவினை அது: வந்திருக்கு, உடைச்சிருக்காங்க, சொல்லியிருக்கேன், எடுத்திருப்பான்.

அகராதியில் இதற்கு விடை கிடையாது. தாய்மொழி என்பதால் இதை யாரும் தனியாகப் படிப்பதும் இல்லை. தமிழின் துணைவினைகளுக்கென்றே இ. அண்ணாமலை 1985இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். பேச்சுத் தமிழின் இலக்கணத்தை எழுதிய ஹரல்ட் ஷிஃப்மன் 1999இல் வந்த தம் நூலில் இவற்றுக்கு நிறைய இடம் ஒதுக்கினார். மொழியியல் மாணவர்கள் படிக்கும் இந்த நூல்கள் வாக்குமூலம் எழுதுகிறவர் மேசைக்கு வந்து சேர்வதில்லை. அதனால் அந்த மேசையில் என்ன நடக்கிறது என்பதிலிருந்தே தொடங்கலாம்.

ஜார்ஜ் டவுனுக்கு நீதிமன்றம் 1807இல் வந்துவிட்டது. லைட் ஸ்திரீட்டில் இன்றைக்கு இருக்கும் நீதிமன்றத்தில் விசாரணை மலாயில் நடக்கிறது, இடையிடையே ஆங்கிலமும் வரும். கூண்டில் நிற்கும் சாட்சி தமிழில்தான் பேசுவேன் என்றால் அவருக்கும் நீதிபதிக்கும் நடுவே ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அந்த ஆள் சொல்வதுதான் பதிவாகும்.

மலேசியாவின் 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம், 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தை ஒட்டி வந்தது. அதன் 60ஆவது பிரிவு வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்க வேண்டும் என்கிறது. கண்ணால் காணக்கூடிய ஒன்றைப் பற்றியது என்றால், அதைக் கண்டேன் என்று சொல்கிறவர்தான் வந்து சொல்ல வேண்டும். காதால் கேட்கக்கூடியது என்றால் கேட்டவர். ஆக, சாட்சி பார்த்தாரா, பார்க்காமல் பின்னால் தெரிந்துகொண்டாரா என்ற வேறுபாடு வழக்கில் உயிர்நாடி. தமிழில் அந்த வேறுபாடு பல நேரம் ‘உடைச்சாங்க’ என்பதற்கும் ‘உடைச்சிருக்காங்க’ என்பதற்கும் இடையில் ஒளிந்திருக்கிறது.

ஒரு வாக்குமூலம்

இது நடந்த வழக்கல்ல. பயிற்சிக்காக நான் கட்டியது. ஆனால் லெபோ பாசார் பக்கம் எந்தக் கடைக்காரரும் இப்படித்தான் பேசுவார். மளிகைக் கிடங்கு ஒன்றில் வேலை பார்ப்பவர், காலையில் கடைக்கு வந்தவர், காவல் நிலையத்தில் சொல்கிறார்:

“காலையில எட்டு மணிக்கு வந்தேங்க. பின்கதவு தொறந்திருந்துச்சு. பூட்ட ஒடச்சிருக்காங்க. ராத்திரி யாரோ உள்ள வந்திருக்காங்க. காசுப்பெட்டியக் காணோம். அந்தப் பையன் ரெண்டு மூணு தடவ கடைக்கு வந்திருக்கான். அவன்தான் எடுத்திருப்பான். மொதலாளிகிட்ட அப்பவே சொல்லியிருக்கு.”

எட்டு வாக்கியம். அதில் ஆறில் ‘இரு’ வால் பிடித்து வருகிறது. ஆறும் ஒரே வேலையைச் செய்யவில்லை.

அவசரக்காரர் கையில் கொடுத்தால் ஆறுக்கும் மலாயில் ‘தெலா’ போட்டுவிடுவார். கதவு திறந்தது, பூட்டை உடைத்தார்கள், யாரோ வந்தார்கள், பையன் வந்தான், அவன்தான் எடுத்தான் என்று வரிசையாக முடிந்த நிகழ்ச்சிகளாக அது படிக்கும். கிடங்குக்காரர் இருட்டில் மூட்டைக்குப் பின்னால் பதுங்கி நின்று எல்லாவற்றையும் பார்த்தவர்போல ஆகிவிடுவார். உண்மையில் அவர் கண்ணால் கண்டது என்ன? திறந்து கிடந்த கதவு, உடைந்து கிடந்த பூட்டு, வெறும் மேசை. அவ்வளவுதான்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘தொறந்திருந்துச்சு’ என்பது நிலை. அவர் வந்த நேரத்தில் கதவு எப்படி இருந்தது என்பதைச் சொல்கிறது. யார் திறந்தார், எப்போது திறந்தார் என்பதில் அது வாயே திறப்பதில்லை. இதை அவர் நேரில் பார்த்திருக்கிறார், நேரடிச் சாட்சியம். மலாயில் ‘தெர்புகா’ என்று நிலையாகச் சொன்னால் பொருந்தும். ‘கதவு திறந்தது’ என்று சொல்லியிருந்தால் கதவு அசைந்ததை அவர் பார்த்தார் என்று ஆகும், கதை வேறு.

‘ஒடச்சிருக்காங்க’ என்பதும் ‘உள்ள வந்திருக்காங்க’ என்பதும் ஊகம். உடைந்த பூட்டைப் பார்த்து, ஆள் உடைத்தான் என்ற முடிவுக்கு வருகிறார். காலையில் எழுந்து ஈரத் தெருவைப் பார்த்து ‘ராத்திரி மழ பேஞ்சிருக்கு’ என்கிறோமே, அதே வேலை. மழை பெய்ததை நாம் பார்க்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தோம். ஆனால் தெரு ஈரமாக இருக்கிறது. தடயம் கண் முன்னால், நிகழ்ச்சி கண்ணுக்குப் பின்னால். மலாயில் எழுதும்போது பூட்டு உடைக்கப்பட்டிருந்ததாகக் காணப்பட்டது என்ற பொருளில் ‘டிடாபாத்தி’ சேர்த்தால் இந்த இடைவெளி காப்பாற்றப்படும்.

‘ரெண்டு மூணு தடவ கடைக்கு வந்திருக்கான்’ என்பது அனுபவம். இதற்கு முன் வந்தது உண்டு என்கிறார். மலாய் இங்கே நமக்கு நல்ல துணை. முடிந்ததற்கு அங்கே ‘சுடா’ அல்லது ‘தெலா’, எப்போதாவது நடந்தது உண்டு என்பதற்கு ‘பெர்னா’ என்று தனித்தனிச் சொல் இருக்கிறது. தமிழில் ‘வந்திருக்கான்’ ஒன்றே இரண்டுக்கும் வரும். பையன் இப்போது வாசலில் வந்து நிற்கிறான் என்றாலும் ‘வந்திருக்கான்’, போன மாதம் நாலு தடவை வந்தான் என்றாலும் ‘வந்திருக்கான்’. இந்த வாக்கியத்தில் ‘ரெண்டு மூணு தடவ’ இருப்பதால் பிழைத்தோம். அது இல்லாமல் ‘அந்தப் பையன் கடைக்கு வந்திருக்கான்’ என்று மட்டும் சொல்லியிருந்தால், நேற்று ராத்திரி வந்தான் என்று குற்றம் சாட்டுகிறாரா, முன்பு வாடிக்கையாக வந்தவன் என்கிறாரா என்று அந்த வாக்கியத்தை வைத்தே சொல்ல முடியாது. ஒருவர் தலை உருளக்கூடிய இடம் அது.

‘எடுத்திருப்பான்’ என்பது சந்தேகம். எதிர்கால வடிவம், ஆனால் எதிர்காலம் அல்ல. இதற்குத் தடயம்கூட வேண்டாம், ஆள்மேல் ஒரு எண்ணம் இருந்தால் போதும். ‘எடுத்திருக்கான்’ என்று சொல்லியிருந்தால் கைரேகையோ காசோ ஏதோ ஒன்று கையில் சிக்கியிருக்கிறது என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். ‘எடுத்திருப்பான்’ என்பதற்கு ‘முங்கின்’ போடாமல் விட்டால், ஊரார் சந்தேகம் ஒரு எழுத்தில் சாட்சியமாக மாறிவிடும்.

கடைசி வரி ‘சொல்லியிருக்கு’. யார் சொன்னார்? கிடங்குக்காரரா, கூட இருந்த வேறு ஆளா? பதில் இல்லை. ஆளைச் சொல்லாமல் வேலையை மட்டும் சொல்லும் வடிவம் இது. சுவரில் எழுதியிருக்கு, சோறு ஆக்கியிருக்கு, பில் கட்டியிருக்கு. பேச்சில் அடக்கமாக, சில சமயம் மரியாதையாகக்கூட ஒலிக்கும். ‘நான் சொன்னேன்’ என்று தம்மை முன்னிறுத்திக்கொள்ளத் தயங்குகிற பெரியவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். (அலுவலக வாட்ஸாப்பில் இதே வடிவம் தப்பித்துக்கொள்ளவும் பயன்படும். ‘பைல் அனுப்பியிருக்கு’ என்ற செய்திக்குப் பின்னால் அனுப்பாத நாலு பேர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.) வாக்குமூலத்தில் இதை அப்படியே விட்டால் பின்னால் முதலாளியிடம் சொன்னது யார் என்று வழக்கறிஞர் குடைவார். ‘யார் சொன்னாங்க, நீங்களா?’ என்ற ஒரு கேள்வி அங்கேயே கேட்டுத் தீர்க்க வேண்டியது.

இரண்டு சோதனை

வடிவத்தைப் பார்த்த உடனே பொருள் தெரிய வேண்டும் என்றால் காதுக்குப் பழக்கம் வேண்டும். இரண்டு சோதனைகள் கை கொடுக்கும்.

ஒன்று, ‘என் கண் முன்னால’ என்பதைச் சேர்த்துப் பாருங்கள். ‘நேத்து ராத்திரி என் கண் முன்னால பூட்ட ஒடச்சாங்க’ என்றால் சரியாக ஒலிக்கிறது. ‘நேத்து ராத்திரி என் கண் முன்னால பூட்ட ஒடச்சிருக்காங்க’ என்றால் நாக்கு இடறுகிறது. கண் முன்னால் நடந்ததற்கு ஊக வடிவம் ஒட்டாது. ‘என் கண் முன்னால எத்தனையோ பேர அடிச்சிருக்காங்க’ என்று சொல்லலாமே என்பீர்கள். சொல்லலாம். அது அனுபவப் பொருள், பல தடவை நடந்ததைச் சொல்வது. ஒரு குறிப்பிட்ட ராத்திரியைச் சொல்வதல்ல.

இரண்டு, எதிர்மறையாக்கிப் பாருங்கள். ‘வந்திருக்கானா?’ என்ற கேள்விக்கு மறுப்பு ‘வரல’ என்றால் இன்றைய வருகையைப் பற்றிய பேச்சு. ‘வந்ததில்ல’ என்றால் அனுபவத்தைப் பற்றிய பேச்சு. உடன்பாட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு பொருளும் மறுப்பில் பிரிந்துவிடும். சாட்சியிடமே மறுப்பு வடிவில் கேட்டால் அவரே பிரித்துக் கொடுத்துவிடுவார். ‘அதுக்கு முன்ன அவன் வந்ததே இல்லையா?’ என்றால், ‘ஐயோ, எத்தன தடவ வந்திருக்கான்’ என்பார்.

மறுப்பு பற்றிப் பேசும்போது ஒன்று. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் படிவங்களில் ‘இன்னும் பணம் செலுத்தியிருக்கவில்லை’ என்று பார்க்கிறேன். யாரும் அப்படிப் பேசுவதில்லை. ‘இன்னும் பணம் கட்டவில்லை’ என்பதுதான் தமிழ். ‘செலுத்தியிருக்கவில்லை’ என்பது போன வருடத்தில் ஒரு நாளை நினைத்து, அந்த நாளில் கட்டாமல் இருந்தார் என்று சொல்ல உதவும். இன்றைய பாக்கிக்கு உதவாது.

சோதனை பலிக்காத இடம்

‘இருக்கு’ வந்தாலே ஊகம் என்று முடிவு கட்டிவிடுகிறவர்களும் உண்டு. அதுவும் ஆபத்துதான். முதலாளி காரிலிருந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு ஓடி வந்து ‘மொதலாளி வந்திருக்காரு’ என்று சொல்கிறோம். பார்த்துத்தான் சொல்கிறோம். அங்கே ‘இருக்கு’ வருவது, அவர் வந்த விளைவு இப்போதும் நிற்கிறது, ஆள் உள்ளேதான் இருக்கிறார், செல்போனைக் கீழே வையுங்கள் என்பதற்காக. எனவே வடிவம் ஒரு கேள்வியை எழுப்புகிறது, அவ்வளவுதான். பதிலைத் தருவதில்லை.

எதிர்ப்பக்கமும் அப்படியே. ‘உடைச்சாங்க’ என்று சொன்னதாலேயே அவர் பார்த்தார் என்று ஆகாது. இங்கேதான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டும் என்பேன். சம்பவம் நடந்த அன்று கிடங்குக்காரர் ‘பூட்ட ஒடச்சிருக்காங்க’ என்கிறார். அது புதுச் செய்தி, இப்போதுதான் கண்டுபிடித்தார். வழக்கு விசாரணைக்கு வர மாதங்கள் ஆகும், வருடமும் ஆகலாம். அதற்குள் அவர் மனைவியிடம், பக்கத்துக் கடைக்காரரிடம், காப்புறுதிக்காரரிடம் இந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. கண்டுபிடித்த சூடு ஆறிவிட்டது. ஊகமாக இருந்தது ஊரறிந்த உண்மையாகிவிட்டது. கூண்டில் ஏறியதும் அவர் இயல்பாக ‘அன்னைக்கு ராத்திரி எங்க கடைப் பூட்ட ஒடச்சாங்க’ என்பார்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் பழைய வாக்குமூலம் இருக்கிறது. அதில் பார்க்கவில்லை என்ற தொனி, இதில் பார்த்தேன் என்ற தொனி. அன்று ஒன்று சொன்னீர், இன்று ஒன்று சொல்கிறீர் என்று குறுக்கு விசாரணையில் பிடிப்பார். கிடங்குக்காரர் விழிப்பார். அவர் பொய் சொல்லவில்லை. தமிழில் ஊக வடிவம் செய்தி புதிதாக இருக்கும்வரைதான் ஒட்டிக்கொண்டிருக்கும், பழகிவிட்டால் உதிர்ந்துவிடும். பள்ளிப் பாடத்தில் இராசேந்திர சோழன் கடாரத்தை வென்றான் என்றுதான் படிக்கிறோம், நம்மில் யாரும் பார்த்ததில்லை.

இதைக் கூண்டுப் பக்கத்தில் நின்று விளக்க மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை இல்லை. சாட்சியிடம் தானாக ‘பார்த்தீங்களா?’ என்று கேட்கவும் கூடாது. கேட்டால் விசாரிக்கிறவர் வேலையைத் தான் செய்ததாகிவிடும். செய்யக்கூடியது ஒன்று உண்டு. முதலில் நீதிபதியிடம் அனுமதி கேட்டு, சாட்சி பயன்படுத்திய வடிவத்துக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு, நேரில் கண்டதாகவும் இருக்கலாம், தடயத்தைப் பார்த்து முடிவு செய்ததாகவும் இருக்கலாம் என்று சொல்லி நிறுத்திவிட வேண்டும். எது சரி என்ற தன் கருத்தைச் சேர்க்கக் கூடாது. கேள்வியை நீதிபதியோ வழக்கறிஞரோ கேட்பார்கள். அதற்கு வரும் பதிலை மொழிபெயர்த்தால் போதும். அனுபவப்பட்டவர்கள் இதை அரை நிமிடத்தில் முடிப்பார்கள். புதியவர்கள், தமக்குத் தமிழ் போதாது என்று நீதிபதி நினைத்துவிடுவாரோ என்று அஞ்சி, ஏதோ ஒன்றைத் தேர்ந்து சொல்லிவிடுகிறார்கள். இந்த அச்சம்தான் அதிகச் சேதம் செய்கிறது.

‘ணும்’ என்ற கண்ணி

இதைவிட வழுக்கலான வடிவம் ஒன்று உண்டு. ‘பின்கதவப் பூட்டியிருக்கணும்.’ இதை ஒரு காவலாளி சொல்கிறார் என்று வையுங்கள். பூட்டிவிட்டுத்தான் போயிருப்பார்கள், நிச்சயம் பூட்டியிருப்பார்கள் என்ற உறுதியான ஊகமாகவும் கேட்கும். பூட்டியிருக்க வேண்டியது கடமை, பூட்டாமல் விட்டார்கள் என்ற குறையாகவும் கேட்கும். ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஒன்றில் கதவு பூட்டியிருந்தது, மற்றதில் பூட்டவில்லை.

குரலில் வித்தியாசம் தெரியும். குறை சொல்லும்போது அழுத்தம் வினைமேல் விழும், ஊகத்தில் பேச்சு இறங்கி முடியும். எழுத்துக்கு வந்தால் அந்தக் குரல் காணாமல் போய்விடும். ஆகவே வாக்குமூலத்தைத் தமிழில் குறிப்பெடுக்கிறவர் இந்த வடிவத்தை அப்படியே எழுதாமல், ‘பூட்டினார்களா, பூட்டவில்லையா?’ என்று கேட்டு அந்தப் பதிலையும் சேர்த்து எழுத வேண்டும். காப்புறுதிக் கோரிக்கையில் இந்த ஒரு ‘ணும்’ பணம் வருவதையும் வராததையும் தீர்மானித்துவிடும்.

இன்னொன்று, தன்மையில் வரும் ஊகம். கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டி ‘இது நீங்க போட்டதா?’ என்று கேட்டால், சாட்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்துவிட்டு ‘ஆமாங்க, போட்டிருக்கேன்’ என்பார். போட்டது நினைவிருக்கிறது என்பதாகவும் எடுக்கலாம். எனக்கு நினைவில்லை, ஆனால் கையெழுத்து என்னுடையதுதான், அப்படியென்றால் போட்டிருக்கிறேன் என்பதாகவும் எடுக்கலாம். தாளில் என்ன எழுதியிருந்தது என்று தெரிந்துதான் போட்டாரா என்பது வழக்கின் மையமாக இருக்கும்போது இந்த வித்தியாசம் சின்னதல்ல. ‘போட்டேன்’ என்று மொழிபெயர்த்துவிட்டால் அவர் நினைவிலிருந்து சொன்னதாகிவிடும்.

வாசித்துக் காட்டும் நேரம்

காவல் நிலைய வேலையில் ஒரு நல்ல வாய்ப்பைச் சட்டமே தருகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆவது பிரிவின்படி எழுதிய வாக்குமூலத்தை, சாட்சி எந்த மொழியில் சொன்னாரோ அந்த மொழியில் அவருக்கு வாசித்துக் காட்டி, திருத்த வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். எழுத்து மலாயில் இருக்கும், வாசிப்பது தமிழில். அதாவது மொழிபெயர்ப்பாளர் இப்போது எதிர்த்திசையில் நடக்கிறார்.

பெரும்பாலோர் இங்கே செய்யும் தவறு, சாட்சி முதலில் சொன்ன சொற்களை நினைவில் வைத்துக்கொண்டு அதையே திருப்பிச் சொல்வது. தாளில் மலாயில் ‘பூட்டை உடைத்தனர்’ என்று நேரடியாக இருக்கும், ஆனால் மொழிபெயர்ப்பாளர் வாய் ‘ஒடச்சிருக்காங்க’ என்று சொல்லும். சாட்சி ‘ஆமா, அதான் சொன்னேன்’ என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார். தவறு திருந்த வேண்டிய கடைசி இடத்தில் மூடிப் போர்த்தப்பட்டுவிடும். தாளில் என்ன இருக்கிறதோ அதைத்தான் தமிழாக்க வேண்டும். ‘நீங்க பார்க்கும்போது பூட்ட ஒடச்சாங்க’ என்ற பொருள் தாளில் இருந்தால் அப்படியே வாசியுங்கள். ‘இல்லைங்க, நான் எங்க பார்த்தேன்? வந்து பார்த்தப்போ ஒடஞ்சு கெடந்துச்சு’ என்று அவரே சொல்லிவிடுவார். அந்தத் திருத்தம் தாளில் ஏறட்டும்.

தமிழிலேயே குறிப்பெடுத்துப் பின்னால் செந்தமிழில் திருத்தி எழுதுகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. பேச்சில் வந்த ‘இருக்கு’வை எல்லாம் ‘உள்ளது’ ஆக்கிவிடுவது பத்திரிகைப் பழக்கம். ‘பூட்டை உடைத்துள்ளனர்’, ‘பணத்தை எடுத்துள்ளார்’. செய்தித்தாளுக்கு அது கச்சிதம். ஆனால் அதில் ‘உடைச்சிருக்காங்க’ என்பதில் இருந்த ‘போலிருக்கு’ என்ற வாசம் ஆவியாகிவிடும். அதோடு ‘உள்ளது’ எதிர்கால வடிவம் எடுக்காது. ‘எடுத்திருப்பான்’ என்ற சந்தேகத்துக்கு அதில் இடமே இல்லாததால், சிலர் அதையும் ‘எடுத்துள்ளான்’ ஆக்கிவிடுகிறார்கள். வாக்குமூலத்தில் ‘உள்ளது’வைத் தொடாமல் இருப்பதே நல்லது.

மருத்துவமனையில்

மருத்துவமனையில் இதே சிக்கல் கேள்வி கேட்பவர் பக்கம் வந்துவிடுகிறது. அறுவைக்கு முன் நோயாளி வெறும் வயிற்றோடு இருக்கிறாரா என்று தெரிய வேண்டும். மருத்துவர் மலாயில் கேட்டதைத் தமிழில் ‘ஏதாவது சாப்பிட்டிருக்கீங்களா?’ என்று கேட்கிறோம். நோயாளி ‘இல்லங்க’ என்கிறார். அவருக்குச் சாப்பாடு என்றால் சோறு. காலையில் குடித்த தேத்தண்ணீர் கணக்கில் வராது. இது சொல்லின் சிக்கல், வடிவத்தின் மேல் பழி போட முடியாது. வடிவத்தின் சிக்கல் மருந்து பற்றிக் கேட்கும்போது வருகிறது. ‘இந்த மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா?’ என்பதற்கு ‘சாப்பிட்டிருக்கேன்’ என்று பதில். இன்றைக்குக் காலை வேளை மாத்திரையா, வாழ்நாளில் என்றைக்காவதா? ஒவ்வாமை பற்றிக் கேட்பவருக்குப் பின்னது வேண்டும், இன்றைய அளவைக் கணக்கிடுபவருக்கு முன்னது வேண்டும். தாதி குறித்துக்கொள்வது ஏதோ ஒன்று.

இங்கே வடிவத்தையே மாற்றிக் கேட்பது சுலபம். இன்றைக்கு என்றால் ‘இன்னைக்குக் காலையில சாப்பிட்டீங்களா, எத்தன மணிக்கு?’ என்று இறந்தகாலத்தில், மணியோடு. வாழ்நாளில் என்றால் ‘இதுக்கு முன்ன எப்பவாவது சாப்பிட்டது உண்டா?’ என்று. ‘இருக்கீங்களா’வை இரண்டிலும் தவிர்த்துவிடலாம். நீதிமன்றத்தில் சாட்சியின் வடிவத்தை மாற்ற நமக்கு உரிமை இல்லை. மருத்துவமனையில் கேள்வியை நாம் அமைக்கிறோம் என்பதால் இந்த வசதி உண்டு.

‘போட்டிருக்கு’ என்று நோயாளி பதில் சொன்னால் ஊசி போட்டது யார், எங்கே, எப்போது என்று மூன்றும் கேட்க வேண்டும். ஆளில்லாத ‘இருக்கு’ மருத்துவக் குறிப்பில் ஏறக் கூடாது.

நேர்காணலுக்குப் போகும்போது

மொழித் தேர்வில் இரண்டு இடத்தில் இந்த வடிவம் நம் காலையே பிடிக்கும். ஆங்கிலத்தில் எழுதிய தன்விவரத்தைத் தமிழாக்கும்போது ‘ஐந்து வருடமாக மொழிபெயர்ப்பாளராக வேலை செய்திருக்கிறேன்’ என்று எழுதுகிறார்கள். தமிழ்க் காதுக்கு அது முன்னொரு காலத்தில் செய்தேன், இப்போது இல்லை என்று கேட்கும். இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள் என்றால் ‘ஐந்து வருடமாக வேலை செய்கிறேன்’. தொடர்ந்து நடப்பதற்குத் தமிழில் நிகழ்காலமே போதும்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது வழுக்கல் மறுபக்கம். ‘நேத்து அனுப்பியிருக்கேன்’ என்பது தமிழில் சரி. நேற்று என்ற சொல்லும் ‘இருக்கு’வும் நமக்குச் சண்டை போடுவதில்லை. ஆங்கிலம் இரண்டையும் சேர விடாது. நேற்று வந்துவிட்டால் அங்கே வெறும் இறந்தகாலம்தான். பினாங்குத் தமிழர் ஆங்கில மின்னஞ்சலில் இந்தக் கலப்பு அடிக்கடி தலைகாட்டும். தேர்வாளர் சிவப்பு மையால் சுழிக்கும் முதல் இடமும் அதுதான்.

வேலை கிடைத்த பிறகு மேலாளரிடம் ‘வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிருப்பேன்’ என்று சொல்லாதீர்கள். ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழில் சொன்ன வாக்கு அது. கேட்பவர் ‘முடிச்சிருப்பேன், ஆனா…’ என்று ஒரு சாக்குக்குக் காத்திருப்பார். ‘வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடுறேன்’ என்று சொல்லுங்கள்.